டெஸ்டர் ஏன் பிடிக்கவில்லை? ரெட்ரோவில் காரணம் தேடும் முறை

ரெட்ரோ எப்படிப் போகிறது என்று ஐ.டி. வேலையில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். "யாரையாவது மாட்டிவிடுற மீட்டிங்" என்று சிலர் சொல்வார்கள். "எல்லாம் நல்லா போச்சுன்னு சொல்லிட்டு அரை மணி நேரத்துல எந்திரிச்சு வந்துடுவோம்" என்று மற்றவர்கள் சொல்வார்கள். முதல் வகை ரெட்ரோவில் இரண்டு முறை அடிபட்ட டீம், மூன்றாவது முறை தானாகவே இரண்டாவது வகைக்குப் போய்விடும். வாயைத் திறந்தால் வம்பு என்று தெரிந்தபின் யார் திறப்பார்கள்?

'யாரையும் குறை சொல்லாத ரெட்ரோ' என்ற பேச்சு இதற்கு மருந்தாக வந்தது. அதுவும் பாதிப் பேருக்குத் தப்பாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. யார் என்ன செய்தார்கள் என்றே பேசக்கூடாது, எல்லோரும் நல்லவர்களாக இருந்துவிட்டுப் போகலாம் என்று புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் அந்த முறையில்தான் யார், எப்போது, எதைப் பார்த்து, என்ன செய்தார் என்று நுணுக்கமாகப் பேச வேண்டியிருக்கும்.

முதலில் இரண்டு சொற்கள். ஒரு சாஃப்ட்வேர் டீம் கொஞ்சம் வேலையை எடுத்து முடித்துக்காட்ட வைத்துக்கொள்ளும் குறுகிய காலம்தான் ஸ்பிரிண்ட். பெரும்பாலும் 2 வாரம், அதாவது 10 வேலை நாள். அதன் முடிவில் "எப்படி வேலை செய்தோம், அடுத்ததில் எதை மாற்றலாம்" என்று டீம் உட்கார்ந்து பேசுவது ரெட்ரோஸ்பெக்டிவ், சுருக்கமாக ரெட்ரோ. இப்படி ஸ்பிரிண்ட் ஸ்பிரிண்டாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறையின் அதிகாரபூர்வ கையேடு 1 மாத ஸ்பிரிண்டுக்கு அதிகபட்சம் 3 மணி நேரம் என்கிறது. 2 வார ஸ்பிரிண்டுக்கு ஒன்றே கால் மணி நேரம் தாராளம்.

## பாயசம் தீர்ந்த பந்தி

கல்யாண வீட்டில் மூன்றாவது பந்திக்குப் பாயசம் இல்லை. மாமாவோ சித்தப்பாவோ வந்து, பாயச வாளியோடு நிற்கும் பையனைப் பிடித்துக் கத்துவார். "முதல் பந்தியில ஆளுக்கு ரெண்டு கரண்டி ஊத்தினியே, கணக்குத் தெரியாதா உனக்கு?"

அந்தப் பையன் நின்ற இடத்தில் நின்று பாருங்கள். "தாராளமா போடு, குறைன்னு யாரும் சொல்லக்கூடாது" என்று காலையில் சொன்னது அதே மாமாதான். அடுப்படியில் எத்தனை அண்டா இருக்கிறது என்று பையனுக்குத் தெரியாது. தலைக்கணக்கை அழைப்பிதழ் எண்ணிக்கையை வைத்துப் போட்டிருக்கிறார்கள், ஊரிலிருந்து வந்த இரண்டு வேன் ஆட்கள் அதில் இல்லை. அளவைக் குறைக்கச் சொல்ல வேண்டிய சமையல்காரருக்குப் பந்தி மண்டபமே கண்ணில் படாது. பையனை மாற்றி வேறு பையனை நிறுத்தியிருந்தாலும் பாயசம் அதே நேரத்தில்தான் தீர்ந்திருக்கும்.

வாளி அவன் கையில் இருந்தது என்பதற்காகக் காரணமும் அவன் கையில் இருந்ததாக நமக்குத் தோன்றிவிடுகிறது. ரெட்ரோவில் நடக்கும் பிழையும் இதுதான். கடைசியாகத் தொட்டவர்மேல் விரல் நீள்கிறது. விரல் நீண்டவுடன் தேடலும் நின்றுவிடுகிறது, ஏனென்றால் பதில் கிடைத்துவிட்டதாக எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

## ஒரு கூப்பன், இரண்டு தள்ளுபடி

இனி டீமுக்குள் போவோம். பல டீம்களில் நடப்பதைச் சேர்த்து அமைத்த உதாரணம் இது.

ஆன்லைன் கடை ஒன்றின் டீம். 10 நாள் ஸ்பிரிண்டில் 7 வேலைகள் எடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று, பணம் கட்டும் பக்கத்தில் தள்ளுபடிக் கூப்பன் வசதி. பத்தாம் நாள் மாலை 4 மணிக்கு அது வெளியே போகிறது. பணம் கட்டும்போது வாடிக்கையாளர் பேக் பட்டனை அழுத்திவிட்டு மறுபடி வந்தால், அதே ஆர்டருக்குக் கூப்பன் இரண்டாம் முறையும் கழிகிறது. மறுநாள் காலை கணக்குப் பிரிவிலிருந்து போன் வருகிறது.

ரெட்ரோவில் முதல் வாக்கியம் இப்படித்தான் இருக்கும்: "இது டெஸ்டிங்ல பிடிச்சிருக்க வேண்டியது." டெஸ்டர் தலை குனிகிறார். "இனிமே எட்ஜ் கேஸ் எல்லாம் நல்லா பார்க்கறேன்" என்கிறார். ரெட்ரோவை நடத்தும் ஸ்க்ரம் மாஸ்டர் அதைப் பலகையில் எழுதுகிறார். மீட்டிங் முடிந்தது. அடுத்த மாதம் வேறு பக்கத்தில் வேறு பிழை வரும், அதே வாக்கியம் மறுபடி எழுதப்படும்.

இந்த ரெட்ரோவை எப்படி வேறு மாதிரி நடத்தலாம்?

## முதலில் காலக்கோடு, அப்புறம் கருத்து

'என்ன நன்றாகப் போனது, என்ன போகவில்லை' என்று நெடுவரிசை போட்டு ஆரம்பிப்பதுதான் வழக்கம். என்னைக் கேட்டால், ஏதாவது உடைந்த ஸ்பிரிண்டுக்கு அது சரிப்படாது. அந்தக் கட்டங்களில் மனநிலை வந்து விழும், நடந்தது விழாது.

பதிலாக, முதல் 20 நிமிடம் ஒரு காலக்கோடு போடுங்கள். முதல் நாள் முதல் பத்தாம் நாள் வரை ஒரு கோடு. ஒவ்வொரு வேலைக்கும் போட்ட டிக்கெட் எந்த நாள் எந்த நிலைக்கு மாறியது என்பது ஜிராவிலோ நீங்கள் பயன்படுத்தும் வேறு கருவியிலோ பதிவாகியிருக்கும். ரெட்ரோவுக்கு முன்பே ஸ்க்ரம் மாஸ்டர் அதை எடுத்து வைத்துவிட வேண்டும், ஞாபகத்தை நம்பக்கூடாது. அதன்பின் 5 நிமிடம் யாரும் பேசாமல், அந்தந்த நாளில் தாங்கள் கண்டதை அவரவர் எழுதி ஒட்டட்டும். பேசாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சீனியர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்ற எல்லோரின் ஞாபகமும் அவர் சொன்ன பக்கமே சாயும்.

கூப்பன் வேலையின் கோடு இப்படி வருகிறது. இரண்டாம் நாள் டெவலப்பர் தொடங்கினார். ஐந்தாம் நாள் காலை, எழுதிய புரோகிராம் கோடை ரிவ்யூவுக்கு அனுப்பினார். ரிவ்யூ என்றால், எழுதிய கோடை இன்னொரு டெவலப்பர் படித்துப் பார்த்து அனுமதிப்பது. ரிவ்யூவில் முதல் கமெண்ட் வந்ததே எட்டாம் நாள். ஒன்பதாம் நாள் மதியம் டெஸ்டிங்குக்குப் போனது. பத்தாம் நாள் மாலை வெளியீடு.

மற்ற வேலைகளையும் அதே கோட்டில் வைத்ததும் அறையில் பேச்சு மாறுகிறது. 7 வேலைகளில் 5 வேலைகள் ஒன்பதாம் நாள் மதியத்துக்குப் பிறகே டெஸ்டிங்குக்கு வந்திருக்கின்றன. எட்டு நாள் டெஸ்டர் கையில் இரண்டே வேலை, கடைசி ஒன்றரை நாளில் ஐந்து.

சுருக்கமாக, இதுவரை யாரும் காரணம் எதையும் சொல்லவில்லை. நடந்ததை நாள்வாரியாக அடுக்கினோம், அவ்வளவுதான். 'டெஸ்டர் பிடிக்கவில்லை' என்ற வாக்கியம் அதற்குள் பாதி வலுவிழந்துவிட்டது.

## 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள்

அடுத்தது, சம்பந்தப்பட்டவரிடம் கேட்பது. "ஏன் பேக் பட்டனை டெஸ்ட் பண்ணல?" என்று கேட்டால் மன்னிப்புதான் பதிலாக வரும், தகவல் வராது. ஸ்க்ரம் மாஸ்டர் இப்படிக் கேட்கிறார்: "ஒன்பதாம் நாள் மத்தியானம் அந்த டிக்கெட் உங்ககிட்ட வந்தப்போ, உங்க முன்னாடி என்னென்ன இருந்துச்சு?"

"அஞ்சு டிக்கெட் வரிசையா வந்துச்சு. கூப்பனுக்கு அக்செப்டன்ஸ் க்ரைட்டீரியா ஆறு இருந்துச்சு, ஆறையும் பார்த்தேன், பாஸ். பேக் பட்டன் அதுல இல்ல. அதுக்கு மேல சுத்திப் பார்க்கணும்னா இன்னொரு டிக்கெட்டைத் தொடாமலே விடணும். எதை விடறதுன்னு யார்கிட்ட கேட்கறதுன்னு தெரியல."

அக்செப்டன்ஸ் க்ரைட்டீரியா என்பது 'இதெல்லாம் வேலை செய்தால் இந்தப் பணி முடிந்ததாகக் கொள்ளலாம்' என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் பட்டியல். டெஸ்டர் அந்தப் பட்டியல்படி சரியாகத்தான் செய்திருக்கிறார். அன்று அவர் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அவர் செய்தது நியாயமான முடிவு. பிழை எங்கே இருந்தது என்று இன்று தெரிந்துகொண்டு அன்றைய முடிவை எடைபோட்டால் எல்லாமே வெட்டவெளிச்சமாகத் தெரியும். பின்னோக்குச் சார்பு என்று உளவியலில் சொல்வது இதைத்தான்: முடிவு தெரிந்தபின், அது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றுவது. ரெட்ரோவில் "தெரிஞ்சிருக்கணும்", "பார்த்திருக்கணும்" என்று வாக்கியங்கள் 'ணும்' என்று முடிய ஆரம்பித்தால் இந்தச் சார்பு அறைக்குள் வந்துவிட்டதாக அர்த்தம். நடத்துபவர் அங்கேயே நிறுத்தி, "அப்போ அவங்களுக்கு என்ன தெரியும்?" என்று திருப்பிவிட வேண்டும்.

## ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே போவது

'ஐந்து முறை ஏன் கேள்' என்ற முறை டொயோட்டா தொழிற்சாலைகளில் வளர்ந்தது. நல்ல கருவிதான், ஆனால் 5 என்ற எண்ணை மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒவ்வொரு 'ஏன்'-க்கும் ஒரே பதில் எழுதினால் நேர்கோட்டில் போய் ஒரே ஒரு காரணத்தில் முட்டிக்கொண்டு நிற்பீர்கள். நிஜத்தில் காரணங்கள் கிளை பிரியும். ஒவ்வொரு படியிலும் "வேறு எதுவும் சேர்ந்ததா?" என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கூப்பன் கதையில் ஒரு கிளை இப்படிப் போகிறது. ஐந்து வேலைகளும் கடைசியில் வந்து குவிந்தது ஏன்? ரிவ்யூவில் தேங்கி நின்றன. ஏழாம் நாள் ரிவ்யூ நெடுவரிசையில் 5 டிக்கெட்டுகள் காத்திருந்தன. அங்கே தேங்கியது எப்படி? பணம் கட்டும் பகுதியின் கோடை அனுமதிக்க ஒரே ஒரு சீனியருக்குத்தான் உரிமை. `CODEOWNERS` ஃபைலில் அவர் பெயர் மட்டுமே இருக்கிறது. அவர் ஆறாம், ஏழாம் நாட்களில் புரொடக்‌ஷன் சப்போர்ட்டில் மாட்டிக்கொண்டார். சரி, ஒரே பெயரை மட்டும் போட்டு வைத்தது எதற்காக? போன வருடம் அதே பகுதியில் ஒரு பிழை வந்தபோது, "இனிமே இங்க சீனியர் பார்க்காம எதுவும் போகக்கூடாது" என்று ஒரு ரெட்ரோவில் முடிவு செய்திருக்கிறார்கள்!

ரெட்ரோக்களில் அடிக்கடி நடக்கும் வேடிக்கை இது. ஒரு பிழைக்குப் போட்ட காவல், அடுத்த பிழைக்கு வாசலாகிறது. அந்த விதி போட்டவரையும் திட்ட வேண்டியதில்லை. அன்று அது நியாயமாகத் தெரிந்தது.

இன்னொரு கிளை. கோட் ரிவ்யூவில் கிடக்கும்போது டெவலப்பர் என்ன செய்தார்? காத்திருக்க வேண்டாமே என்று அடுத்த வேலையைத் தொடங்கினார். எல்லா டெவலப்பர்களும் அதையேதான் செய்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் சுறுசுறுப்பு. மொத்தமாகப் பார்த்தால், வடியாத குழாயின் மேல்பக்கத்தில் எல்லோரும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

மூன்றாவது கிளைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒன்பதாம் நாள், ஐந்து வேலைகள் குவிந்தபின், "ஒண்ணைத் தள்ளிப் போடலாம்" என்று யாரும் சொல்லவில்லை. கூப்பன் பற்றிய எஸ்.எம்.எஸ். வாடிக்கையாளர்களுக்குப் போகும் நேரம் மார்க்கெட்டிங்கில் ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. பிரச்சினை இருந்தால் டெஸ்டர் சொல்வார் என்று மேனேஜர் இருந்தார். நிறுத்துவதென்றால் மேனேஜர் நிறுத்துவார் என்று டெஸ்டர் இருந்தார். வெளியீட்டை நிறுத்தும் உரிமை யாருக்கு என்று எங்கேயும் எழுதப்படவில்லை.

## காரணம் கிடைத்துவிட்டதா என்று சோதிக்க

கிடைத்தது நிஜக் காரணமா, சாக்கா என்று பார்க்க இரண்டு சோதனைகள் போதும்.

ஒன்று, ஆளை மாற்றிப் பார்ப்பது. அதே நாளில், அதே ஐந்து டிக்கெட்டோடு, அதே திறமையுள்ள வேறு டெஸ்டர் உட்கார்ந்திருந்தால் இந்தப் பிழை பிடிபட்டிருக்குமா? அநேகமாக இல்லை என்றால், ஆளைப் பற்றிய பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

இரண்டு, பழைய ஸ்பிரிண்டுகளைப் பார்ப்பது. இந்த டீம் முந்தைய 3 ஸ்பிரிண்டுகளின் பதிவை எடுத்துப் பார்த்தது. ஒவ்வொன்றிலும் குறைந்தது 4 வேலைகள் கடைசி இரண்டு நாளில்தான் டெஸ்டிங்குக்கு வந்திருந்தன. பிழை இந்த முறை வெளியே தெரிந்தது. குவியல் எப்போதும் இருந்தது. பதிவில் இப்படித் தெரியவில்லை என்றால், உங்கள் காரணம் வெறும் ஊகமாக இருக்கலாம். அதை நம்பி எதையும் மாற்றாதீர்கள்.

நிஜ உலகில் இதற்கு ஒரு நல்ல சாட்சி, டீம்கள் தங்கள் புரோகிராம் கோடைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனம். 2017 ஜனவரி 31 அன்று இரவு அவர்களின் பொறியாளர் ஒருவர் துணை டேட்டாபேஸில் அழிக்க வேண்டிய தரவுக் கோப்புறையை முதன்மை டேட்டாபேஸில் அழித்துவிட்டார். தளம் சுமார் 18 மணி நேரம் முடங்கியது, ஏறத்தாழ 6 மணி நேரத் தரவு திரும்பக் கிடைக்கவில்லை. 'கை தவறியது' என்று அங்கேயே முடித்திருக்கலாம். அவர்கள் மேலே தோண்டினார்கள். அன்றாட பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு ஒத்துப்போகாமல், அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களை வாங்கும் பக்கத்தில் ஏற்க மறுத்துவிட்டதால் அவை யாருக்கும் போய்ச் சேரவில்லை. பொறியாளரோடு விசாரணை நின்றிருந்தால், பேக்கப் தோற்றது எப்படி, தெரியாமல் போனது எப்படி என்பது அப்படியே கிடந்திருக்கும். வெளியிட்ட அறிக்கையில் அவர் பெயரும் இல்லை. பின்னர் எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று மிக எளியது: எந்த சர்வரில் இருக்கிறோம் என்று திரையில் பார்த்ததும் தெரியும்படி, ஒவ்வொன்றிலும் கட்டளை தட்டும் இடத்தின் முகப்பு வரியை மாற்றுவது.

சுருக்கமாக: காலக்கோடு போட்டோம், அந்த நேரத்தில் அவரவர் கண்ணில் பட்டதைக் கேட்டோம், கிளை பிரித்தோம், சோதித்தோம். இனி மாற்றம்.

## 'கவனமாக இருப்போம்' ஒரு மாற்றமே இல்லை

"கவனமா இருக்கணும்", "டெஸ்டிங்கைக் கூட்டணும்", "கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்ணணும்" – இவற்றைப் பலகையில் எழுதவே விடாதீர்கள். அடுத்த ஸ்பிரிண்ட் முடிவில் 'இது நடந்ததா இல்லையா' என்று ஆம், இல்லை பதில் சொல்ல முடியாத எதுவும் மாற்றம் ஆகாது. ஐந்தாறு மாற்றங்களை எழுதினாலும் ஒன்றும் நடக்காது. இரண்டை எடுத்து, அவற்றை அடுத்த ஸ்பிரிண்டின் வேலைப் பட்டியலிலேயே டிக்கெட்டாகப் போடுங்கள். தனியாக ஒரு எக்செல்லில் போனால் அங்கேயே தூங்கிவிடும்.

இந்த டீம் எடுத்தது இரண்டு. முதலாவது, அந்த `CODEOWNERS` ஃபைலில் இன்னொரு டெவலப்பரின் பெயர் சேரும். அதற்கு முன் இரண்டு ரிவ்யூக்களைச் சீனியரோடு சேர்ந்து உட்கார்ந்து செய்வார். இரண்டாவது, ரிவ்யூ நெடுவரிசையில் ஒரே நேரத்தில் 2 டிக்கெட்டுக்கு மேல் நிற்கக்கூடாது. மூன்றாவது வந்தால், புது வேலை தொடங்காமல் யாராவது ஒருவர் ரிவ்யூவைக் கையில் எடுக்க வேண்டும். இப்படி ஒரு கட்டத்தில் இருக்கக்கூடிய வேலைக்கு உச்சவரம்பு வைப்பதை விப் லிமிட் என்பார்கள். பயன் தெரிகிறதா என்று பார்க்க ஒரே ஓர் எண்: ஏழாம் நாள் முடிவில் எத்தனை வேலைகள் டெஸ்டிங்குக்கு வந்துவிட்டன?

வெளியீட்டை யார் நிறுத்தலாம் என்ற மூன்றாவது கிளை டீமுக்குள் தீர்க்கக்கூடியதாக இல்லை, மார்க்கெட்டிங்கும் அதில் உண்டு. அதை மேனேஜர் எடுத்துக்கொண்டு ஒரு தேதி சொன்னார். டீமின் கைக்கு எட்டாததை டீமின் பட்டியலில் போட்டுவைத்தால் இரண்டு ஸ்பிரிண்டில் எல்லோருக்கும் ரெட்ரோவே வெறுத்துப்போகும்.

## இது எங்கே உடைகிறது

ரெட்ரோவில் சொன்னது அப்ரைசலில் திரும்பி வந்தால், அன்றோடு இந்த முறை செத்தது. டெஸ்டர் "எதை விடறதுன்னு தெரியல" என்று சொன்னதை ஆறு மாதம் கழித்து 'முடிவெடுக்கும் திறன் குறைவு' என்று யாராவது எழுதினால், அந்த டீமில் இனி யாரும் உண்மையான காலக்கோடு போட மாட்டார்கள். அதனால் வெளியே அனுப்பும் மின்னஞ்சலில் மாற்றங்கள் மட்டும் போகட்டும். யார் என்ன சொன்னார் என்பது அறையைத் தாண்ட வேண்டாம். கிளையன்ட் உட்கார்ந்திருக்கும் ஆன்லைன் மீட்டிங்கில், இருபது பேர் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் ரெட்ரோவில், நான் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது. மேனேஜர் இருக்கலாமா என்பதற்கு ஒரே விதி கிடையாது. அவர் முன்னால் டெஸ்டர் அந்தப் பதிலைச் சொல்வாரா என்று யோசித்துப் பாருங்கள், விடை தெரிந்துவிடும்.

நிஜமாகவே ஒருவர்தான் காரணமாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. வேண்டுமென்றே விதியை மீறுவது, மாதக்கணக்கில் வேலையே செய்யாமல் இருப்பது போன்றவை. அவை மேனேஜரும் அவரும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டியவை. அதை ரெட்ரோவுக்குள் சுற்றிவளைத்துப் பேசினால் மற்ற எல்லோரும் யாரைச் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதிலேயே இருப்பார்கள்.

## அடுத்த ரெட்ரோவின் முதல் ஐந்து நிமிடம்

அடுத்த ரெட்ரோவைப் போனதில் எடுத்த மாற்றங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். கூப்பன் டீமில் இரண்டாவது பெயர் ஃபைலில் சேர்ந்துவிட்டது. ஏழாம் நாள் முடிவில் 7 வேலைகளில் 4 டெஸ்டிங்குக்கு வந்திருந்தன. போன முறை 2. ஆனால் ஆறாம் நாள் ரிவ்யூவில் நான்கு டிக்கெட் நின்றிருக்கிறது, உச்சவரம்பு மீறப்பட்டிருக்கிறது.

"யார் மீறினது?" என்று ஒருவர் ஆரம்பித்தார். ஸ்க்ரம் மாஸ்டர் காலக்கோட்டில் ஆறாம் நாளைக் காட்டி, "அன்னிக்குக் காலையில பலகையில என்ன தெரிஞ்சுதுன்னு முதல்ல பார்க்கலாமா?" என்றார். உச்சவரம்பு எண்ணைப் பலகையின் தலைப்பில் காட்டும் அமைப்பை யாரும் இன்னும் போடவில்லை. ரிவ்யூவில் எத்தனை நிற்கிறது என்று பார்க்க, நெடுவரிசையைக் கீழே உருட்டி எண்ண வேண்டியிருந்தது.